பள்ளத்துப் பங்காளிகள்

குமாரபாளையத்தில் புது மனிதர் ஒருவரைப் பார்த்தால், டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க எந்தக் கூட்டமுங்க?" இதே கேள்வியைக் கேட்டு முடிக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தேவைப்பட்டது. பதில் அச்சில் வந்தது 2000இல்.

பிரையன் சைக்ஸ் அப்போது அங்கே மரபணுவியல் பேராசிரியர். சர் ரிச்சர்ட் சைக்ஸ் அதே சமயம் கிளாக்ஸோ வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர். ஒருவர் கையில் சோதனைக் குழாய், இன்னொருவர் கையில் செக் புத்தகம். இப்படி இரண்டு பேர் ஒரே பெயரோடு உலவினால் ஊர் சும்மா இருக்குமா? "அவரு உங்களுக்குச் சொந்தமா?" என்று பேராசிரியரைக் கேட்டார்கள். நம்ம பக்கமாக இருந்தால் கூட்டம் எது, குலதெய்வக் கோயில் எங்கே என்று இரண்டு கேள்வியில் முடித்து, பங்காளியா மாமன் மச்சானா என்று முடிவு கட்டி, இலை போட்டிருப்பார்கள். சைக்ஸ் என்பது யார்க்‌ஷைர்ப் பெயர். யார்க்‌ஷைர்க்காரர்களுக்குக் குலதெய்வம் கிடையாது. பாவம், ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

பேராசிரியர் பிடித்துக்கொண்டது ஒய் குரோமோசோம். ஆண்களிடம் மட்டும் இருப்பது, அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மற்ற குரோமோசோம்களை ஒவ்வொரு தலைமுறையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறது. ஒய்யில் பெரும்பகுதி கலையாமலே இறங்கும். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் இறங்குகிறது: அப்பன், மகன், பேரன். அப்படியென்றால் எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு சைக்ஸ் இருந்திருந்தால், இன்றைக்கு இருக்கிற சைக்ஸ்கள் எல்லாரிடமும் அவருடைய ஒய் இருக்க வேண்டும். இதுதான் கணக்கு. கேட்கும்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். மனிதர்கள் உள்ளே வராத வரைக்கும் எல்லாக் கணக்கும் சுத்தம்தான்.

யார்க்‌ஷைர், லங்காஷைர், செஷைர் மாவட்டங்களில் இருந்த சைக்ஸ் ஆண்களுக்குக் கடிதம் போட்டார். கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்த்து அனுப்பச் சொன்னார். வந்த மாதிரிகளில் 48 பேருடைய ஒய்யை நான்கு இடங்களில் படித்தார்கள். படிப்பது என்றால், அந்த இடங்களில் நாலைந்து எழுத்துள்ள ஒரு துண்டு பத்து, பதினைந்து தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். எத்தனை தடவை என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். சிலருக்கு 13, சிலருக்கு 14. நகல் எடுக்கும்போது எப்போதாவது ஒன்று கூடும் அல்லது குறையும். சுமாராகச் சொன்னால், ஓர் இடத்தில் நானூறு பிறப்புக்கு ஒரு தடவை. இந்த எண்களின் வரிசைதான் அந்த வம்சத்தின் முகவரி.

முடிவு வந்தது. 48 பேரில் 21 பேருக்கு ஒரே வரிசை. அதே வட்டாரத்தில் சைக்ஸ் அல்லாத ஆண்களையும் ஒப்பீட்டுக்காகச் சோதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட அந்த வரிசை இல்லை. பேராசிரியருக்கு ஒரே கொண்டாட்டம். காரணம் உண்டு. அந்தப் பெயர் யார்க்‌ஷைர்ப் பேச்சில் வயல் ஓரத்து ஓடையை, பள்ளத்தைக் குறிப்பது. அங்கே பள்ளம் இல்லாத ஊரே கிடையாது. ஆகவே பள்ளத்துக்கு ஒரு சைக்ஸ் என்று பல இடங்களில் தனித்தனியாக இந்தப் பெயர் முளைத்திருக்கும் என்றே ஏடுகளைப் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். ஒய் வந்து, 'பள்ளம் பல இருக்கலாம், ஆனால் அப்பன் ஒருத்தன்' என்று சாட்சி சொன்னது. பள்ளபாளையத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமிதம் வந்தால் தப்பில்லை.

சரி, மிச்சம் 27 பேர்?

அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அவர்களுடைய வரிசைகள் ஆளுக்கொரு திசையில், ஒப்பீட்டுக்கு எடுத்த ஊர்க்காரர்களுடைய வரிசைகளைப் போலவே இருந்தன. எழுநூறு வருஷத்தில் தத்துப்பிள்ளைகள் வந்திருக்கலாம். மாமனார் சொத்துக்காக மருமகன் பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாம். விதவை மறுமணம் செய்து, கையோடு வந்த பிள்ளைக்குப் புதுப் புருஷன் பெயர் ஒட்டியிருக்கலாம். மிச்சக் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு மரியாதையான சொற்கள் வைத்திருக்கிறார்கள். திண்ணையில் வேறு சொற்கள் இருக்கின்றன.

தலைமுறைக்கு நூற்றில் ஒருவர் இப்படி வெளியிலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப ஒழுக்கமான ஊர் என்று பாராட்டத் தோன்றும். 25 வருஷத் தலைமுறையாக எழுநூறு வருஷத்துக்கு 28 தலைமுறை. பெருக்கிப் பார்த்தால் நூறு பேரில் 75 பேரிடம்தான் மூலவரின் ஒய் இருக்கும். நூற்றில் இரண்டு என்றால் 57. ஊரில் எந்தக் காலத்திலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், பாதிப் பேர் வேற்றாள் ஆகிவிடுகிறார்கள்.

பேராசிரியரின் கொண்டாட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. இன்றைக்கு ஒரே ஒய் நிறைந்திருக்கிறது என்பதால் ஆரம்பத்தில் ஒரே ஆள்தான் என்று ஆகிவிடாது. இருபது பள்ளத்தில் இருபது சைக்ஸ்கள் இருந்து, பத்தொன்பது பேருடைய ஆண் வாரிசு இடையில் நின்றுபோயிருந்தாலும் இதே விடைதான் வரும். இந்தச் சந்தேகம் புதிதல்ல. பெருங்குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்று பிரான்சிஸ் கால்ட்டன் 1873லேயே கணக்காகப் போட்டுக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டுபிடித்து, இருவரும் சேர்ந்து 1874இல் வெளியிட்டார்கள். பாதிரியாரின் விடை என்னவென்றால், போதுமான காலம் கொடுத்தால் எல்லாக் குடும்பப் பெயரும் கண்டிப்பாக அழிந்துவிடும். அது தப்பான விடை. சமன்பாட்டில் இன்னொரு தீர்வு இருந்ததை அவர் விட்டுவிட்டார். ஆனால் பெரும்பாலான ஆண் வம்சங்கள் அழியும் என்பது மட்டும் உண்மை. ஒருவருக்குப் பெண் குழந்தைகளே பிறக்கலாம், இன்னொருவருக்குப் பிள்ளையே இல்லாமல் போகலாம், கொள்ளைநோயும் போரும் வேறு இருக்கிறது. கேள்வியைக் கேட்ட கால்ட்டனுக்கே குழந்தை கிடையாது. தன் கணக்குக்குத் தானே உதாரணமாக நின்றவர் அவர்.

ஆகவே ஒய் சோதனை சொல்வது, பெயரை யார் ஆரம்பித்தார்கள் என்பதை அல்ல. ஆரம்பித்தவர்களில் யாருடைய பேரன்மார் கடைசி வரை தாக்குப்பிடித்தார்கள் என்பதைத்தான். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான், ஒரே பெயர்க்காரர்கள் சேர்ந்து ஒய் சோதித்துக்கொள்ளும் பல குடும்பப் பெயர்த் திட்டங்கள் 'எங்கள் மூலபுருஷர்' என்று மாலை போட்டு உட்காருகின்றன.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். நாற்பது குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். அட்டன்பரோ மாதிரி அபூர்வமான பெயரில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேர் ஒரே ஒய். ஸ்மித் என்ற பெயரிலோ, தெருவில் போகிற நாலு பேரைப் பிடித்தால் என்ன ஒற்றுமை இருக்குமோ அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லப்பட்டறை இருந்தது. பட்டறைக்கு ஒரு ஸ்மித். பெயர் எவ்வளவு பரவலாக இருக்கிறதோ சோதனை அவ்வளவு ஊமை.

இதே டூரி கிங்குக்குத்தான் பிறகு ஒரு ராஜா கிடைத்தார். 1485இல் போஸ்வொர்த் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. ராஜா தானா என்று உறுதிசெய்ய வேண்டும். ரிச்சர்டுக்கு வாரிசு மிஞ்சவில்லை. ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா மூன்றாம் எட்வர்டு ராஜா. அந்த எட்வர்டின் இன்னொரு மகன் வழியில் சோமர்செட் குடும்பம் இன்றைக்கும் இருக்கிறது, போஃபர்ட் கோமகன்கள் என்ற பட்டத்தோடு. தாமிரப் பட்டயம் மாதிரி ஏடுகள், முத்திரைகள், குலச்சின்னங்கள், எல்லாம் பக்கா. அந்தக் குடும்பத்தின் ஐந்தாம் கோமகன் வழிவந்த ஐந்து ஆண்களிடம் குச்சி தேய்த்து வாங்கினார்கள்.

ஐந்து பேரில் ஒருவருக்கும் ராஜாவின் ஒய் இல்லை.

அதோடு விட்டிருந்தால் தேவலை. ஐந்தில் நான்கு பேர் தங்களுக்குள் பொருந்தினார்கள். ஐந்தாமவர் அந்த நால்வரோடும் பொருந்தவில்லை. ஆக ஓர் உடைப்பு கடந்த சில தலைமுறைக்குள், இன்னோர் உடைப்பு பழைய காலத்தில். ரிச்சர்டுக்கும் ஐந்தாம் கோமகனுக்கும் இடையில் 19 அப்பன்–மகன் கண்ணிகள். கண்ணிக்கு நூற்றில் ஒன்று என்று போட்டாலே, எங்காவது ஒரு கண்ணி அறுந்திருக்க ஆறில் ஒரு வாய்ப்பு. ராஜ வம்சம் என்பதால் நூற்றில் ஒன்று என்று மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எந்தக் கண்ணி என்று யாராலும் சொல்ல முடியாது. எட்வர்டு ராஜாவுக்கு அடுத்த படியிலேயே அறுந்திருந்தால், அவர் மகன் ஜான் ஆஃப் கான்ட் வழியில் அரியணை ஏறிய நான்காம், ஐந்தாம், ஆறாம் ஹென்றிகளின் உரிமை ஆடிப்போகும். பின்னால் வந்த டியூடர்களும் கூடவே ஆடுவார்கள். கீழே வேறு படியில் என்றால் பெரும்பாலும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரிக்கு இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியுமா என்ன?

ராஜாவை அடையாளம் காட்டியது அவருடைய அக்கா வழிவந்த ஒருவர். தாய் வழியாக மட்டும் இறங்குகிற மைட்டோகாண்டிரியா மரபணு ராஜாவோடு பொருந்தியது. அவர் லண்டனில் மரச்சாமான் செய்யும் கனடாக்காரர். ராஜாவுக்குச் சவப்பெட்டி செய்ததும் அவரேதான். பட்டயம் வைத்திருந்த பங்காளிகள் ஐந்து பேர் பொருந்தவில்லை. உளி வைத்திருந்த மருமகன் பொருந்தினார். ஒரு சாவு வீட்டில் மாமன் மச்சான் வகையறாதான் கடைசி வரை நிற்பார்கள் என்று நம்ம பக்கத்துப் பாட்டிமார் சொல்வதை இங்கிலாந்தும் ஏற்றுக்கொண்டது.

இப்போது காவிரிக்கு வருவோம்.

இங்கே குடும்பப் பெயர்த் திட்டம் என்று யாராவது கிளம்பினால், முதல் தடங்கல் குடும்பப் பெயரே இல்லை என்பது. நம்முடையது முன்னெழுத்து. பழனிசாமி மகன் முருகேசன், ப. முருகேசன். முருகேசன் மகன் கார்த்தி, மு. கார்த்தி. ஒய் அப்படியே இறங்குகிறது. பெயர் தலைமுறைக்கு ஒரு தடவை மேல்துண்டு மாற்றிக்கொள்கிறது. கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதால், அயல்நாட்டுக்குப் போன முருகேசன்களின் பிள்ளைகள் அங்கே நிரந்தர முருகேசன்களாகிவிட்டார்கள். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து டொரான்டோவில் யாராவது முருகேசன் குடும்பப் பெயர்த் திட்டம் நடத்தினால் ஸ்மித் கதைதான்: ஊருக்கு ஒரு முருகன் கோயில், கோயிலுக்குப் பத்து முருகேசன்.

பட்டங்களைப் பிடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். கவுண்டர், முதலியார், செட்டியார். இவையும் கொல்லர் வகைதான். இங்கே தறி ஓட்டுகிற செங்குந்தரும் முதலியார், தொண்டை மண்டலத்து வேளாளரும் முதலியார். ஒரு சோதனைக்குழாயில் இருவரையும் போட்டால் குழாய்தான் குழம்பும். போதாததற்கு, ஆற்றைத் தாண்டி ஒரு பஸ் தூரத்தில் ஈரோட்டில் பிறந்த ஒருவர், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கும் தீர்மானத்துக்குக் காரணமாக இருந்து, தன் பெயரிலிருந்த நாயக்கரையும் கழற்றி வைத்துவிட்டார். குடும்பப் பெயர்த் திட்டத்தை, அது பிறப்பதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே கலைத்துவிட்ட பெருமை பெரியாருக்கு உண்டு.

ஆனால் ஒன்று மிஞ்சுகிறது. கூட்டம். கொங்கு வேளாளரிடம் காடை, ஆந்தை, தூரன், கண்ணன், அந்துவன், பயிரன் என்று எத்தனையோ கூட்டங்கள். அப்பன் வழியில் இறங்குவது. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், கொடுக்கல் வாங்கல் கிடையாது. கூட்டத்துக்குக் காணி ஊர் உண்டு, கோயில் உண்டு. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. பெயருக்குப் பின்னால் எழுதுவதில்லை, பத்திரிகையில் மட்டும் அச்சடிப்பார்கள். ஆனால் சைக்ஸுக்கு இருந்த வேலையைச் செய்வது இதுதான். சொல்லப்போனால் இன்னும் கறாராகவே செய்கிறது. ஒரு சைக்ஸ் இன்னொரு சைக்ஸைக் கட்டிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கட்டிப் பாருங்கள்.

ஆகவே கணக்குக்காக ஒரு திட்டம் போடுவோம். எந்தக் கூட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பவானிப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் திரும்ப வர முடியாது.

கோயில் திருவிழா அன்று போய் வரிசையாகக் குச்சி நீட்டலாம் என்று தோன்றும். அதுதான் மோசமான இடம். அங்கே வேனில் ஒன்றாக இறங்குகிறவர்கள் அண்ணன், தம்பி, சித்தப்பன், பெரியப்பன். ஒரு வேனில் பன்னிரண்டு பேரைச் சோதித்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஒய் வரும். அது கூட்டத்தின் பழமையைச் சொல்லாது, வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டதைத்தான் சொல்லும். கொள்ளுத்தாத்தா வரைக்கும் தெரிந்த உறவு இல்லாத நாற்பது பேரை, வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுக்க வேண்டும். அதே ஊர்களில் வேறு கூட்டங்களிலிருந்து நாற்பது பேரை ஒப்பீட்டுக்கு. நான்கு இடம் படித்தது அந்தக் காலம். இப்போது குறைந்தது 37 இடம் படிப்பார்கள்.

நாற்பதில் 25 பேர் ஒரே கொத்தாக வந்து, ஒப்பீட்டு ஆட்களிடம் அந்த வரிசை இல்லாவிட்டால், நல்ல செய்தி: கூட்டம் என்பது வாய்வார்த்தை இல்லை, ஓர் ஆண் வழி அதற்குள் ஓடுகிறது. நாற்பது பேரும் ஒரே கொத்து, ஆனால் வேறு கூட்டத்தாரிடமும் அதே வரிசை கொட்டிக் கிடக்கிறது என்றால், அது அந்த வட்டாரத்துப் பொது ஒய். அதை வைத்துக்கொண்டு ஒரு பெருமையும் பேச முடியாது. ஐந்து கொத்து, கொத்துக்கு எட்டு பேர் என்று வந்தால்தான் ஊரில் தூக்கம் போகும்.

அந்த எட்டு பேர் பின்னால் வந்து ஒட்டியவர்களா, ஆதியிலேயே இருந்த இன்னொரு மூலவரின் வாரிசுகளா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. எட்டு பேருக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இரண்டு பேருக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் ஒரே பாட்டன் என்றால், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, ஆக இருபது பிறப்பு. 37 இடங்களோடு பெருக்கினால் 740 வாய்ப்பு. நானூறுக்கு ஒன்று மாறும் என்றால் சுமார் இரண்டு இடத்தில் எண் வேறுபடும். எட்டு பேரும் ஒன்றுகூட வேறுபடாமல் இருந்தால் ஒட்டியது அண்மையில். ஆளுக்கு ஆறேழு இடம் வேறுபட்டால் அந்தக் கிளை கூட்டத்தைப் போலவே பழசு. அந்த வரிசை பக்கத்துத் தோட்டத்துக் கூட்டத்தோடு அச்சாகப் பொருந்தினால், எந்த வேலி தாண்டப்பட்டது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். எந்த வருஷம் என்பது தெரியாது. இரண்டு இட வித்தியாசம் என்றால் பத்துத் தலைமுறை என்பது சராசரிதான். நாலு தலைமுறையிலும் ஆகியிருக்கலாம், இருபதும் எடுத்திருக்கலாம். கம்பெனிக்காரன் காலத்திலா விஜயநகரத்தான் காலத்திலா என்று நீங்கள் கேட்டால், சோதனை 'ஆமாம்' என்று சொல்லும்.

தத்து விஷயத்திலும் நுணுக்கம் உண்டு. பிள்ளையில்லாதவர் தம்பி மகனைத் தத்தெடுத்தால் ஒய் மாறாது. பங்காளிச் சொத்து பங்காளிக்கே, பங்காளி ஒய்யும் பங்காளிக்கே. மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தால் மருமகன் கூட்டத்து ஒய் உள்ளே வந்துவிடும். பத்திரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். எண்களில் மட்டும் மாமன் மச்சான் எட்டிப் பார்ப்பான்.

கொங்கு நாட்டுக்கே பொதுவான அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுக்கை அடித்து ராத்திரி முழுக்கப் பாடுகிற கதை. பொன்னர், சங்கரின் அப்பா குன்னுடையாக் கவுண்டர் எப்படி வந்தார்? குழந்தையில்லாத கோளாத்தாக் கவுண்டருக்கு, கல் குவியலுக்கு அடியில், பசு பால் சொரிந்து வளர்த்த குழந்தையாகக் கிடைத்தார் என்று பாடுவார்கள். சிவன் கொடுத்த பிள்ளை. பொன்னரும் சங்கரும் அவர் மனைவி தாமரை தவமிருந்து பெற்றவர்கள். காவியத்தின் முதல் படியிலேயே ஒய் அறுந்துவிட்டது. பாட்டுக்காரருக்கோ கேட்கிறவருக்கோ இதில் ஓர் உறுத்தலும் கிடையாது. பங்காளிச் சண்டை அந்த நிமிஷமே முழு உரிமையோடு ஆரம்பித்துவிடுகிறது. எட்டிப் பார்த்தால் தெரிகிற திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிற சாமியிடம் குச்சி தேய்த்தால் ஆய்வகம் என்ன அறிக்கை கொடுக்கும் என்பது தனிக் கேள்வி. அந்த ஊர்த் தேரை வைத்து ஒருவர் நாவல் எழுதி, 2015 ஜனவரியில் என்ன பாடுபட்டார் என்பதை நாடே பார்த்தது. ஒரு நாவலுக்கே அப்படி. நாற்பது பேரின் ஒய் அறிக்கையை இங்கே வெளியிடப் போகிறவர் முதலில் வேறு மாவட்டத்துக்கு வீடு பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, 'நாங்க எங்கிருந்து வந்தோம்?' இதைத்தான் எல்லாரும் உண்மையில் கேட்கிறார்கள். சோழ இளவரசி சேரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சீதனமாக வந்தோம் என்று ஒரு கதை இருக்கிறது. தொண்டை நாட்டிலிருந்து வண்டி கட்டினோம் என்றும் சொல்வார்கள். இதை ஒய் தீர்த்து வைக்குமா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பனும் அமெரிக்க மரபணு ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் எம் 130 என்ற ஒய் அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த ஆதி மனிதர்களின் தடம் அது என்றார்கள். மறுநாளே அவர் 'முதல் இந்தியர்' ஆகிவிட்டார். ஐம்பதாயிரம் வருஷம் என்ற அளவில் இருக்கிற சேதியை ஒரு கிராமத்து வாசலில் இறக்கி வைத்தால் வேறென்ன ஆகும்? இதே எம் 130 ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இருக்கிறது. செங்கிஸ்கான் வழி என்று பேசப்படுகிற மங்கோலிய ஒய்யும் இதன் கிளைதான். உசிலம்பட்டிக்காரரும் செங்கிஸ்கானும் பங்காளி என்று சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த அளவுகோலில் பாதி உலகம் பங்காளி. யாரும் யாருக்கும் பெண் கொடுக்க முடியாது.

பிச்சப்பன் குழுவினர் 2012இல் தமிழ்நாட்டின் 31 சாதி, பழங்குடிக் குழுக்களிலிருந்து 1,680 ஆண்களின் ஒய்யைப் படித்து வெளியிட்டார்கள். ஆண் வழிகள் பிரிந்து நிற்பது வருண அமைப்புக்கு முந்தியது, வேளாண்மை பரவியதோடு சேர்ந்தது என்பது அவர்கள் முடிவு. அது ஆயிரக்கணக்கான வருஷத்துக் கணக்கு. ஒரு கூட்டத்தின் பெயர் சில நூறு வருஷத்துக் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதற்குப் பதில் சொல்வது, தூரத்தைப் படியால் அளக்கிற வேலை.

யார்க்‌ஷைரிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அங்கே ஓர் அபூர்வமான பெயர்க்காரர்கள் 18 பேரைச் சோதித்ததில் ஏழு பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படுகிற மிக அரிய ஒய் இருந்தது. 2007இல் கட்டுரை வந்தது. பெயர் சுத்தமான யார்க்‌ஷைர்ப் பெயர், முகம் சுத்தமான யார்க்‌ஷைர் முகம். ஏடுகளை வைத்துப் பார்த்தால் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்பே எப்போதோ ஓர் ஆப்பிரிக்க ஆண், அல்லது அவர் வழிவந்த ஒருவர், அந்தப் பெயருக்குள் வந்திருக்கிறார். அதனால் அந்தப் பெயர் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்று யாரும் சொல்லவில்லை. ஒய் ஒரு பாதையில் வந்தது, பெயர் இன்னொரு பாதையில் வந்தது, யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

இன்னொன்றும் இருக்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 பாட்டன் பாட்டி இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒரே ஒரு ஆளைப் பற்றி. நம்மூர்த் துண்டில் ஓரத்துக் கரை நூல் ஒன்றை மட்டும் உருவி வைத்துக்கொண்டு, பாவு எங்கே ஓட்டியது, ஊடை எந்த ஊர் நூல், சாயம் எந்தப் பட்டறை என்று கேட்டால் தறிக்காரர் சிரிப்பார். கரை நூலுக்குக் கரை மட்டும்தான் தெரியும்.

இதனால் கூட்டத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உருப்படியான ஒரு கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். சில கூட்டங்கள் பெயர் வேறாக இருந்தும், 'நாங்க அண்ணன் தம்பி' என்று தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. அந்த உறவு ரத்தத்தில் வந்ததா, ஏதோ பழைய பஞ்சாயத்தில் சோறு பங்கிட்டு வந்ததா என்று, இரு பக்கமும் நாற்பது நாற்பது பேரைச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்த ஊரில் ஆரம்பித்தது என்பதைக் காணிக் கோயில் கல்வெட்டைத்தான் கேட்க வேண்டும்; கல்லில் ஊர்ப்பெயர் இருக்கும், குரோமோசோமில் இருக்காது.

சோதனையில் பொருந்தாமல் போகிறவர்கள் பயப்பட வேண்டாம். சட்டம் அவர்கள் பக்கம். கால்ட்டன் கேள்வி கேட்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 1872இல் வந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, முறையான கல்யாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை அந்தப் புருஷனுடைய பிள்ளைதான், புருஷனும் பெண்சாதியும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினாலொழிய அதற்கு மேல் பேச்சில்லை என்று எழுதி வைத்துவிட்டது. புதுச் சட்டத்திலும் அது எண் மாறி அப்படியே இருக்கிறது. கூட்டமும் அதே கட்சிதான். வேண்டுமானால் பொருந்தாத அறிக்கையை எடுத்துக்கொண்டு கோயில் கணக்குப் பார்க்கிறவரிடம் போய், "அப்படீன்னா எனக்குத் தலைக்கட்டு வரி கிடையாதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அறிக்கையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், போன வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து ரசீது போடுவார்.